இறுக்குவது ஐந்து நொடி, விடுவது அரை நிமிடம்: படுக்கும் முன் தசைத் தளர்த்தலும் மெதுவான மூச்சும்

கேள்வி: எனக்கு வயது 41. இரவு 11 மணிக்குப் படுத்தால் தூக்கம் வர 12.30 ஆகிவிடுகிறது. காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. வீடியோ பார்த்து, உடம்பை ஒவ்வொரு இடமாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் ஆழ்ந்த மூச்சும் நாலு நாள் படுக்கையில் செய்தேன். முதல் நாளே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மூச்சு இழுத்து விட்டதில் தலை கிறுகிறுத்தது, விரல் நுனி மரத்தது. தூக்கமும் வழக்கத்தைவிட லேட்டாகத்தான் வந்தது. எங்கே தப்பு செய்கிறேன்? விட்டுவிடலாமா?

பதில்:

விட வேண்டாம். நீங்கள் சொல்வதில் மூன்று தப்புகள் தெரிகின்றன, மூன்றையும் சரிசெய்துவிடலாம். தசையை அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள். மூச்சைப் பெரிதாக இழுக்கிறீர்கள். இன்னும் கைவராத ஒரு பழக்கத்தை, தூக்கம் வராமல் தவிக்கும் அந்த நேரத்தில் படுக்கையில் வைத்தே கற்றுக்கொள்ளப் பார்க்கிறீர்கள். நாலாவது நாளும் தூங்க முடியாமல் போனதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் காரணம்.

முதலில் இறுக்குவது எதற்கு என்று பார்த்துவிடலாம். இந்த முறையை உருவாக்கியவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். 1920களில் சிகாகோவில் இதைப் பற்றி எழுதினார். அவர் கவனித்தது இதுதான்: பதற்றமாக இருப்பவரிடம் ‘உடம்பைத் தளர்த்துங்கள்’ என்று சொன்னால் தளர்த்தியாகிவிட்டது என்றுதான் சொல்வார், ஆனால் தோளும் நெற்றியும் இறுகியே இருக்கும். இறுக்கம் பழகிப்போனதால் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அதனால்தான் வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கி, விட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணரவைக்கிறோம். இறுக்குவது வெறும் அடையாளம் காட்டத்தான். பலன் முழுவதும் விட்ட பிறகு வரும் அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. ஜிம்மில் பளு தூக்குவதுபோல முழுப் பலத்தையும் போட்டால் தசை களைக்கும், பிடித்துக்கொள்ளும். விடுவதைக் கவனிக்கத் தெம்பு இருக்காது. உங்களால் முடிந்த பலத்தில் பாதி போதும்.

ஜேக்கப்சனின் மூல முறை மாதக்கணக்கில் நீளும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு தசை என்றுகூடப் போகும். 1973இல் பெர்ன்ஸ்டைன், போர்கோவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதை 16 தசைக் கூட்டங்களாகச் சுருக்கி, பின்னால் அதை 7 ஆகவும் 4 ஆகவும் குறைத்துக்கொண்டு போகும் வழியையும் வகுத்தார்கள். இன்று வீடியோக்களில் வருபவை பெரும்பாலும் இதன் வழிவந்தவைதான். ஆனால் 10 நிமிட வீடியோவுக்குள் அடக்குவதற்காக, தளர்த்தும் நேரத்தைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள். 10 நொடி இறுக்கு, 10 நொடி விடு, அடுத்த இடத்துக்குப் போ என்று குரல் விரட்டும். அதைக் கேட்டுச் செய்தால் உடம்பு வேலை செய்தமாதிரிதான் இருக்கும்.

முதல் சில வாரம் இதைப் படுக்கை நேரத்தில் செய்யாதீர்கள். மாலையில் வேலை முடிந்து வந்த பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு 25 நிமிடம் ஒதுக்குங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வயிற்றுத் தசையை இறுக்கினால் நெஞ்சு கரிக்கும். தரையில் பாய் விரித்து, தலைக்கு மெல்லிய தலையணை, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சற்று மடங்கியிருந்தால் இடுப்பு தரையில் சரியாக அமரும். கண்ணாடி, கைக்கடிகாரம், இறுக்கமான இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சவாசனம் தெரிந்தவர்களுக்குக் கிடக்கும் விதம் புதிதாக இருக்காது. கைகள் உடம்பிலிருந்து சற்று விலகி, உள்ளங்கை மேல்நோக்கி, பாதங்கள் வெளிப்பக்கம் சரிந்து இருக்கட்டும்.

வலது கையில் தொடங்குவோம் (இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் இடதில்). இந்த ஒரு கையை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், மற்ற இடங்களுக்கும் இதே வழிதான். விரல்களை மடக்கி முஷ்டி பிடியுங்கள், நகம் உள்ளங்கையில் பதியும் அளவுக்குப் போகாமல். முன்கையின் உட்பக்கம் ஒரு கயிறு முறுக்கேறுவதுபோல இழுக்கும், மணிக்கட்டு விறைக்கும். அந்த இழுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் கவனியுங்கள். மூச்சு அதன் பாட்டுக்குப் போய்வரட்டும். 5 முதல் 7 நொடி. பிறகு முஷ்டியைச் சட்டென்று விட்டுவிடுங்கள். மெல்ல மெல்லத் திறக்காதீர்கள், மெதுவாகத் திறப்பதும் ஒரு வேலைதான், அதற்கும் தசை இறுகியே இருக்கும். கையில் இருந்த பொருள் நழுவி விழுவதுபோல விழட்டும். இப்போது 30 முதல் 40 நொடிவரை எதுவும் செய்யாமல் கையையே கவனியுங்கள். முதல் 10 நொடியில் இறுக்கம் வடிவது தெரியும். அதற்குப் பிறகு இலேசான வெதுவெதுப்போ, கை பாயில் அழுந்தும் கனமோ வரும். விரல்கள் தானாகவே அரைகுறையாக மடங்கிக் கிடக்கும், அவற்றை நேராக்க வேண்டாம். பெரும்பாலும் கட்டைவிரல் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து விட முடிந்தால் அன்றைய பாடம் பாதி முடிந்தது. அதே கையை இன்னொரு முறை இறுக்கி விட்டபின் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

அடுத்து முழங்கையைப் பாயில் அழுத்தி மேற்கை. பிறகு இடது கை, இடது மேற்கை. புருவத்தை உயர்த்தி நெற்றி. கண்ணை இலேசாகச் சுருக்கி, மூக்கைச் சுளித்து முகத்தின் நடுப்பகுதி. லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அடுத்தது தாடை. உங்களுக்குக் காலையில் தாடை வலிப்பதால் இங்கே பல்லைக் கடிக்காதீர்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டும் தொடாமலும் இருக்க, நாக்கை மேலண்ணத்தில் அழுத்துங்கள், உதட்டோரங்களைப் பின்னுக்கு இழுங்கள். விடும்போது பற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, உதடு மூடியிருக்கலாம். நாக்கு அடித்தாடையில் சோம்பலாகக் கிடந்தால் தாடை நிஜமாகவே தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

கழுத்துக்கு, தலையின் பின்புறத்தைத் தலையணையில் மென்மையாக அழுத்தினால் போதும். தலையைத் தூக்கவோ சுழற்றவோ வேண்டாம். கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் இந்த ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விடலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை. பிறகு தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து மார்பும் மேல்முதுகும். யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல வயிற்றை விறைப்பாக்கி வயிறு. இந்த இரண்டு இடங்களிலும் மூச்சைப் பிடித்துவைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் அந்தக் கணத்தில் ஏறும். மனதுக்குள் எண்ணாமல் ‘ஒன்று, இரண்டு’ என்று முணுமுணுத்தபடி எண்ணினால் மூச்சு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசியாகக் கால்கள்: ஒவ்வொரு பக்கமும் தொடை, கெண்டைக்கால், பாதம். உங்கள் கெண்டைக்கால் ஏன் பிடித்தது என்றால், பரதநாட்டியக்காரர் காலை நீட்டுவதுபோல விரல் நுனியைக் கீழ்நோக்கி நீட்டி இறுக்கியிருப்பீர்கள். அந்த நிலையில் கெண்டைத் தசை ஏற்கனவே சுருங்கிக் குட்டையாகிவிடுகிறது. அதற்கு மேலும் இறுக்கினால் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் கால்விரல்களை முகத்தை நோக்கி வளையுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இறுகும், பின்னால் கெண்டைக்கால் நீளும். பாதத்துக்கு விரல்களை உள்பக்கம் இலேசாகச் சுருட்டினால் போதும். கெண்டைக்காலிலும் பாதத்திலும் 5 நொடிக்கு மேல் போகாதீர்கள். மீறிப் பிடித்துக்கொண்டால் விரல்களைக் கையால் முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், அல்லது எழுந்து குதிகால் தரையில் பட நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும்.

கணக்குப் போட்டால் ஓர் இடத்துக்கு ஒரு முறை 40 நொடி; 16 இடமும் இரண்டிரண்டு முறை என்றால் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம். முதல் 10, 12 நாள் இப்படியே போகட்டும். கை விட்டவுடனே கனம் வருகிறது, தேடத் தேவையில்லை என்ற நிலை வந்ததும் 7 இடமாகச் சுருக்குங்கள்: ஒரு கை முழுவதும், மற்றக் கை முழுவதும், முகம், கழுத்து, மார்பும் வயிறும் சேர்த்து, ஒரு கால், மற்றக் கால். அடுத்த வாரம் நாலு: இரண்டு கையும், முகமும் கழுத்தும், நடுவுடம்பு, இரண்டு காலும். இதற்கு 4, 5 நிமிடம்தான் ஆகும். அதற்கும் அடுத்த படியில் இறுக்குவதே கிடையாது. கைகளை நினைத்து, விட்டபோது எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்தி, அப்படியே விட்டுவிடுவது. படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டியது இந்தக் கடைசி வடிவத்தைத்தான். தூங்கும் நேரத்தில் 16 இடத்தை இறுக்கிக்கொண்டிருந்தால் மனம் எண்ணிக்கையில் விழித்துக்கொண்டே இருக்கும்.

இனி மூச்சு. விரல் மரத்ததும் கிறுகிறுத்ததும் காற்று போதாததால் வந்தவை அல்ல, அதிகமானதால் வந்தவை. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் காற்று போகும். நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தால் 7 லிட்டர். ‘ஆழ்ந்து இழுங்கள்’ என்று சொன்னதைக் கேட்டு ஒன்றரை லிட்டராக இழுத்து, நிமிடத்துக்கு 8 முறை விட்டால் 12 லிட்டர் ஆகிவிடும். படுத்துக் கிடக்கும் உடம்புக்கு அவ்வளவு தேவையே இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கனவே ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கிறது, அது மேலும் கூடப்போவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் வேகமாக வெளியேறிக் குறைந்துபோகும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் கிறுகிறுப்பு. நரம்புகள் எளிதில் தூண்டப்படும், அதனால் விரலிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு. ஆக, வேண்டியது மெதுவான மூச்சு. பெரிய மூச்சு அல்ல. நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற இலக்குக்கு ஒரு மூச்சு ஒரு லிட்டர் அளவில் இருந்தாலே தாராளம். அதாவது வழக்கமான மூச்சைப்போல இரண்டு மடங்கு, நெஞ்சு புடைக்கும் அளவுக்கு இல்லை.

மெதுவாக்குவதால் என்ன ஆகிறது? மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்றுத் தணியும். நாடியில் விரல் வைத்து மெதுவாக மூச்சுவிட்டுப் பார்த்தால் பலருக்கு இது கையிலேயே தெரியும். வெளிமூச்சில் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சுக்குப் பக்கத்தில் வரும்போது இந்த ஏற்ற இறக்கம் நன்றாகப் பெரிதாகிறது. வெளிமூச்சை நீளமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு கையை நாபிக்கு மேலும் ஒரு கையை மார்பிலும் வையுங்கள். வயிற்றுக் கை எழுந்து தாழட்டும், மார்புக் கை ஏறக்குறைய சும்மா இருக்கட்டும். மூக்கால் 3 எண்ணும்வரை உள்ளே, 4 எண்ணும்வரை வெளியே. நடுவில் பிடித்துவைப்பது வேண்டாம். ஒரு வாரம் இதில் சிரமம் இல்லை என்றால் 4 உள்ளே, 5 வெளியே. பிறகு 4 உள்ளே, 6 வெளியே. கடைசியில் சொன்னதுதான் நிமிடத்துக்கு 6. வெளியே விடுவதை ஊதித் தள்ளாதீர்கள். சூடான காப்பி மேல் ஆவி கலையாமல் விடுவதுபோல மெல்ல விடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் உதட்டைக் குவித்து விடலாம். 5 நிமிடம் போதும், 10 போனால் நல்லது.

அளவு மீறுகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? வெளிமூச்சின் கடைசியில் அவசரமாக ஒரு இழுப்பு வந்தால் எண்ணிக்கை உங்களுக்கு நீளம்; ஒரு எண்ணைக் குறையுங்கள். அடிக்கடி பெருமூச்சோ கொட்டாவியோ வந்தாலும் அப்படித்தான். மதமதப்பு வந்தால் மூச்சு பெரிது. எண்ணிக்கையை மாற்றாமல் அளவைச் சிறிதாக்குங்கள். எண்ணுவதே பதற்றம் தந்தால் எண்ணாதீர்கள், வெளிமூச்சு மட்டும் சற்று நீளட்டும். பிராணாயாமம் தெரிந்தவர்கள் கும்பகத்தைப் படுக்கை நேரத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. மூச்சுத் திணறல் உணர்வுக்குப் பயப்படுபவருக்கு அடக்கிவைப்பது எதிர்வேலை செய்யும். கபாலபாதி போன்ற வேகமானவை காலைக்கானவை.

எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின்போது வயிறு குடுகுடுக்கும், வாயில் எச்சில் ஊறும், கை கால் ஒரு முறை துள்ளும், உடம்பு மிதப்பதுபோலவோ பாயில் புதைவதுபோலவோ இருக்கும். எல்லாம் இயல்பு. ஆனால் சிலருக்குத் தளரத் தொடங்கும்போதே பயம் எழும், நெஞ்சு படபடக்கும். எப்போதும் எச்சரிக்கையாக இருந்து பழகிய உடம்புக்கு, பிடியை விடுவது ஆபத்தாகத் தோன்றுகிறது. அப்படி ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கைகளோடு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். பல நாளாகியும் பயம் குறையவில்லை என்றாலோ, பழைய கொடுமையான நினைவுகள் கிளம்பினாலோ, தனியாகத் தொடராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கத்தில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவும் தினம் செய்தால். உங்களுக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அது படுத்த ஐந்தாம் நிமிடமாக மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். படுக்கையில் புரளும் நேரம் குறையும், புரளும்போது இருக்கும் எரிச்சல் அதைவிட அதிகமாகக் குறையும். மாற்றம் ஒரே சீராகவும் வராது, நடுவில் மோசமான இரவுகள் இருக்கும். ஒரு நோட்டில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் இறுக்கம் பத்துக்கு எத்தனை என்றும், இரவில் சுமார் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள் என்று காலையிலும் மட்டும் எழுதிவையுங்கள். ஒவ்வொரு இரவாகப் பார்க்காமல் வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள். தூக்கத்தை வரவழைக்கும் ஆயுதமாக இதைப் பிடித்துக்கொண்டு ‘வந்ததா, வந்ததா’ என்று பார்த்தால், அந்தப் பார்வையே விழிக்கவைக்கும். உடம்பைத் தளர்த்துவது மட்டும்தான் உங்கள் வேலை.

தூக்கமின்மை வாரத்தில் 3 இரவுக்குக் குறையாமல் 3 மாதம் நீடித்திருந்தால் தளர்த்தும் பயிற்சியை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. தனியாகச் செய்யும் தளர்வுப் பயிற்சிக்கு அதைவிட மென்மையான பரிந்துரைதான். அந்தச் சிகிச்சையில் இது ஒரு பகுதியாக இருக்கலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இரவில் காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு ஆகியவற்றை இந்தப் பயிற்சி தீர்க்காது; மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் காலைத் தாடை வலிக்குத் தூக்கத்தில் பல் கடிப்பது காரணமாக இருக்கலாம், பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுவது நல்லது. தூக்க மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சி தொடங்கியதற்காகத் தாமாக நிறுத்தக்கூடாது. அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இறுக்கும் பகுதியை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். நிறைமாதக் கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துச் செய்யலாம். ஆஸ்துமாவோ நுரையீரல் நோயோ இருந்தால் மூச்சு எண்ணிக்கையை நீட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றிரவு 11 மணிக்குப் படுக்கும்போது எதையும் இறுக்காதீர்கள். தாடையில் பற்கள் விலகியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, 3 உள்ளே 4 வெளியே என்று சின்ன மூச்சாக 5 நிமிடம். கடிகாரம் பார்க்காமலே, 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் நெருங்கவில்லை என்று தோன்றினால், மீண்டும் மீண்டும் அதையே செய்துகொண்டிருக்காமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது திரும்பி வாருங்கள். 16 இடப் பயிற்சியை நாளை மாலை பாயில் வலது கையிலிருந்து தொடங்குங்கள்.